மைதானத்தில் ஓர் அறிமுகம்: தங்கவயல் விளையாட்டு விழாக்களை முன்வைத்து

கோலார் தங்கவயலில் பள்ளி விளையாட்டு விழா என்றால் அதற்கு ஒரு வரிசை உண்டு. சிறப்பு விருந்தினர் வந்து இறங்குவார். பேண்டு வாத்தியம் முழங்க அவரை மேடைக்கு அழைத்துச் செல்வார்கள். இறைவணக்கம், வரவேற்புரை, அறிமுகவுரை, கொடியேற்றம், அணிவகுப்பு, தீபம், உறுதிமொழி எல்லாம் முடிந்த பிறகுதான் முதல் ஓட்டத்துக்கு விசில் ஒலிக்கும். ஆங்கிலேயர் சுரங்கம் நடத்திய காலத்துப் பள்ளிகளின் சாயல் இந்த வரிசையில் இன்னும் இருக்கிறது. 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி சுரங்கம் மூடப்பட்டது; விழாவின் வடிவம் பெரிதாக மாறவில்லை. அந்த வரிசையில் சில நிமிடங்களே எடுக்கும் அறிமுகவுரையைத்தான் இங்கே எடைபோட விரும்புகிறேன். பிள்ளைகளும் பெற்றோரும் ஆசிரியர்களும் ஒருசேரக் கேட்கும் பேச்சு அது.

முதலில் அதன் பலம். இந்த ஊரில் ஏராளமானோர் விடியற்காலையில் மாரிக்குப்பத்தில் ரயிலேறி, நூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பெங்களூருக்கு வேலைக்குப் போய் இரவில் திரும்புகிறார்கள். அப்படிப்பட்ட ஒரு தகப்பனார் பகலில் பள்ளி மைதானத்தில் உட்கார்ந்திருக்கிறார் என்றால் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்திருக்கிறார். விருந்தினர் யார், அவர் எங்கிருந்து வந்தார், எதைச் செய்தார் என்று நன்றாகச் சொல்லும்போது, தன் பிள்ளை ஓடுவதைப் பார்க்க ஒரு பெரிய மனிதர் வந்திருக்கிறார் என்ற மதிப்பு அந்தத் தகப்பனாருக்கும் கிடைக்கிறது. விருந்தினரும் இந்த ஊரிலிருந்து போனவர் என்றால், சுரங்கம் மூடிய பிறகு வளர்ந்த தலைமுறைக்கு அது பெரிய செய்தி. இதற்காகவே அறிமுகவுரை வேண்டும். அதை அடியோடு நீக்கச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

குறை அது நிற்கும் இடத்தில் தொடங்குகிறது. அணிவகுப்புக்காகப் பிள்ளைகளை முன்கூட்டியே வரிசையில் நிறுத்திவிடுகிறார்கள். வரவேற்பும் அறிமுகமும் முடியும்வரை அவர்கள் வெயிலில் நிற்க, பேச்சைக் கேட்பவர்கள் பந்தலின் நிழலில் இருக்கிறார்கள். விருந்தினர் தாமதமாக வந்தால் நிற்கும் நேரம் இன்னும் கூடும். இதற்குத் தீர்வு எளிது. பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும்போதே அறிமுகத்தை முடித்துவிட்டு, அதன் பிறகு அணிகளை எழுப்பலாம். விருந்தினர் வராவிட்டால் குறித்த நேரத்தில் முதல் ஓட்டத்தைத் தொடங்கிவிட்டு, அவர் வந்ததும் இரண்டு ஓட்டங்களுக்கு நடுவே அறிமுகம் செய்யலாம்.

இரண்டாவது குறை, விருந்தினர் அனுப்பிய தன்விவரக் குறிப்பை அப்படியே வாசிப்பது. பட்டம், பதவி, உறுப்பினராக இருக்கும் சங்கங்கள் என்று நீளும் ஒரு பக்கக் குறிப்பு, மைக்கில் நிதானமாகப் படித்தால் மூன்று நான்கு நிமிடம் ஆகும். தங்கவயலில் இதோடு மொழிச் சிக்கலும் சேர்கிறது. ஒரே கூட்டத்தில் தமிழ், கன்னடம், தெலுங்கு, உருது பேசும் குடும்பங்கள் இருக்கின்றன. பல பள்ளிகளில் பாடமோ ஆங்கிலத்தில். ஆங்கிலத்தில் மட்டும் வாசித்தால் பாட்டிமாருக்கு எட்டாது. முழுவதையும் ஒரு மொழியில் மட்டும் மொழிபெயர்த்தாலே எட்டு நிமிடம்வரை போய்விடும். அடைமொழிகளைத் தள்ளிவிட்டு, பெயரையும் ஒரு செயலையும் மட்டும் ஒவ்வொரு மொழியிலும் இரண்டே வாக்கியத்தில் சொல்வதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும்.

மூன்றாவது குறையை மேடையில் இருப்பவர்கள் உணரவே மாட்டார்கள். திறந்த வெளியில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர்தான் நகர்கிறது. மைக் செட்காரர் மைதானத்தின் இரண்டு முனையிலும் குழாய் ஸ்பீக்கர் கட்டியிருந்தால், ஒரு முனையில் இருப்பவருக்கு நூறு மீட்டருக்கு அப்பாலிருந்து வரும் ஒலி கிட்டத்தட்ட 0.3 நொடி பிந்தி வந்து சேரும். கண்ணிமைக்கும் நேரம்தான், ஆனால் அடுத்த அசையின் மேல் முந்தைய அசை ஏறிக்கொள்ள அது போதும். விருந்தினர் பெயர் அங்கே வெறும் இரைச்சலாகிவிடும். காலையிலேயே ஒருவரைக் கடைசி மூலையில் நிறுத்தி ஒரு பெயரை வாசித்துப் பார்த்தால் இது தெரிந்துவிடும். ஸ்பீக்கர்களை எல்லாம் மேடைப் பக்கமிருந்தே ஒரே திசை நோக்கித் திருப்ப வேண்டும். சிறிய வாக்கியமாகப் பேசி, பெயருக்கு முன்னும் பின்னும் மூச்சு விட வேண்டும். மைக்கை வாய்க்கு நேராகப் பிடிக்காமல் சற்றுப் பக்கவாட்டில் பிடித்தால் மூச்சு மோதும் ‘புஸ் புஸ்’ சத்தம் குறையும்.

இவற்றையெல்லாம் சேர்த்து ஓர் உதாரணம் பார்க்கலாம். ஓட்ட வீரர் கென்னத் பவெல் 2022-இல் மறைந்துவிட்டார். அவர் விருந்தினராக வந்திருந்தால் எப்படி அறிமுகம் செய்திருக்கலாம்?

“பிள்ளைகளே, நம் விருந்தினர் இதே கோலார் மண்ணில் பிறந்தவர். 1964-இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் இந்தியாவுக்காக ஓடியவர். அங்கே நால்வர் ஆளுக்கு நூறு மீட்டர் ஓடும் தொடர் ஓட்டத்தில் அவருடைய அணி அரையிறுதிவரை சென்றது. அடுத்த ஆண்டு அர்ஜுனா விருது வாங்கினார். இன்று உங்கள் தொடர் ஓட்டத்தில் கோல் கைமாறும் இடத்தை அவர் கவனித்துப் பார்ப்பார். நீங்களும் அதையே பாருங்கள். கென்னத் பவெல் அவர்கள்!”

அரை நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாகும். பெயர் கடைசியில் வருவதால் கைதட்டல் தானாக எழும். இதைவிட முக்கியமானது, விருந்தினரையும் அன்றைய விளையாட்டையும் கோல் கைமாறும் ஓரிடத்தில் பேச்சு இணைக்கிறது. வழக்கமான அறிமுகங்களில் விருந்தினரைப் பற்றித் தெரியவரும். விழாவைப் பற்றி ஒன்றும் தெரியவராது. எந்த அணிக்கு எந்த நிறம், முடிவுக்கோடு எந்தப் பக்கம், பெற்றோர் எங்கே நின்று படம் எடுக்கலாம் என்று சொல்லாததால்தான் போனைத் தூக்கிக்கொண்டு அவர்கள் ஓடுதடத்துக்குள் இறங்கிவிடுகிறார்கள். ஓடிவரும் பிள்ளை மோதி விழுகிறது. இந்த மூன்று தகவலும் அறிமுகத்தோடு சேர வேண்டும்.

‘விருந்தினர் எல்லோரும் ஒலிம்பிக் வீரர்களா? எம்.எல்.ஏ.வும், காவல் அதிகாரியும், நன்கொடை கொடுத்தவரும் வருகிறார்களே, சுருக்கினால் மனம் வருந்தாதா?’ என்று ஆசிரியர்கள் கேட்பது நியாயம்தான். பள்ளிக்கு அவர்கள் தயவு தேவை. பரிசளிப்பின்போது எல்லோரும் உட்கார்ந்திருப்பார்கள், வெயிலும் தணிந்திருக்கும். முழு விவரத்தை அப்போது மரியாதையாகச் சொல்லலாம், அச்சிட்ட நிகழ்ச்சி நிரலிலும் போடலாம். காலையில், நன்கொடையாளர் வாங்கிக் கொடுத்த உயரத்தாண்டல் மெத்தையைக் கைகாட்டி, ‘இன்று நீங்கள் விழப்போவது இவர் கொடுத்த மெத்தையில்’ என்று சொன்னால் எந்தப் பட்டத்தையும்விட அவர் அதிகம் மகிழ்வார்.

ஆக, வழக்கம் நல்லது. மேடையிலிருப்பவரைத் திருப்திப்படுத்துவதையே குறியாகக் கொண்டு அதைச் செய்யும் முறைதான் தவறு. விழா முடிந்ததும் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த ஆறாம் வகுப்புப் பிள்ளையிடம் வந்தவர் பெயரையும் அவர் செய்த ஒரு காரியத்தையும் கேட்டுப் பாருங்கள். இரண்டையும் அது சொல்லாவிட்டால், அடுத்த ஆண்டு அறிமுகவுரையைப் புதிதாக எழுத வேண்டும்.