9.5-ஆல் பெருக்கினால் வருவது எது?

சிபிஎஸ்இ பத்தாம் வகுப்பில் சில ஆண்டுகள் மதிப்பெண்ணுக்குப் பதில் கிரேடு வழங்கியது. 91 முதல் 100 வரை எடுத்தால் ஏ1, அதற்குப் புள்ளி 10. 81 முதல் 90 வரை ஏ2, புள்ளி 9. கீழே இறங்க இறங்க இப்படியே ஒவ்வொன்றாகக் குறையும். ஐந்து பாடங்களின் புள்ளிச் சராசரிதான் சிஜிபிஏ. அதை 9.5-ஆல் பெருக்கினால் தோராய சதவீதம் கிடைக்கும் என்று வாரியமே சொன்னது.

9.5 குருட்டுத்தனமாக எடுத்த எண் அல்ல. முந்தைய ஆண்டுகளில் 91-க்கு மேல் எடுத்தவர்களின் சராசரி ஏறக்குறைய 95 என்று கண்டு, அதைப் பத்தால் வகுத்தார்கள். ஏ2-வின் நடுப்புள்ளி 85.5. ஒன்பதை 9.5-ஆல் பெருக்கினாலும் அதேதான். மேல்வரிசையில் சூத்திரம் அழகாகவே பொருந்துகிறது. கீழே போகப்போகச் சற்றே தாராளம் காட்டும்: 41 முதல் 50 வரையிலான பிரிவின் நடு 45.5, சூத்திரம் தருவது 47.5. ஒரு பெரிய கூட்டத்தின் சராசரியை ஊகிக்க இது போதும்.

சிக்கல் ஒரே ஒரு மாணவரிடம் வரும்போதுதான். ஒரு மாணவி ஐந்து பாடத்திலும் 90 எடுக்கிறாள். சிஜிபிஏ 9, சதவீதம் 85.5. இன்னொருவன் நான்கில் 91, ஒன்றில் 51. உண்மைச் சராசரி 83. ஆனால் அவன் புள்ளிகள் நான்கு பத்தும் ஓர் ஆறும், சிஜிபிஏ 9.2, சதவீதம் 87.4. ஏழு சதவீதம் பின்தங்கியவன் காகிதத்தில் முந்திவிடுகிறான்! ஐந்திலும் நூறு எடுத்தவருக்கோ 95-க்கு மேல் வழியே இல்லை.

கிரேடு போட்ட கணமே பிரிவுக்குள் எந்த இடத்தில் நின்றோம் என்பது அழிந்துவிடுகிறது. எந்தப் பெருக்கலாலும் அதை மீட்க முடியாது. எல்லாப் பாடத்திலும் 41-க்கு மேல் எடுத்தவரின் உண்மைச் சராசரி, சிஜிபிஏயின் பத்து மடங்கைத் தாண்டாது, அதைவிட ஒன்பதுக்கு மேல் குறையவும் குறையாது. 6.2 என்றால் 53 முதல் 62 வரை எங்கும் இருக்கலாம். சூத்திரம் 58.9 என்கிறது. 60 கேட்கும் விண்ணப்பப் படிவம் அவரைத் தள்ளிவிடும். தசம இலக்கம் தரும் துல்லியத் தோற்றம்தான் இங்கே வினை.

இதைவிட மோசம், அதே 9.5-ஐப் பொறியியல் பட்டத்துக்கும் போடுவது. ஏஐசிடிஇ கையேட்டு அட்டவணையில் 8.25 புள்ளிக்கு 75 சதவீதம். 9.5-ஆல் பெருக்கினால் 78.4 ஆகிவிடும். பல்கலைக்கழகம் தன் மாற்று விதியைச் சான்றிதழிலோ தனிக் கடிதத்திலோ தந்திருந்தால் அதுவே செல்லும். படிவத்தில் சிஜிபிஏவுக்குத் தனிக் கட்டம் இருந்தால் சதவீதக் கணக்கே வேண்டாம், புள்ளியை அப்படியே எழுதிவிடலாம்.