0.707 என்ற எண்ணும் ஒரு சின்னக் குறியும்

5.1 ஒலியை இரண்டு ஸ்பீக்கருக்கு இறக்க ஐ.டி.யு.வின் பி.எஸ்.775 பரிந்துரை சொல்லும் கணக்கு சின்னது. இடப்பக்கத்துக்கு முன்-இடது முழுதாக, நடுத்தடம் 0.707 பங்கு, பின்-இடது 0.707 பங்கு. வலப்பக்கமும் அப்படியே. சப்வூஃபர் தடத்தை வழக்கமாக விட்டுவிடுவார்கள்.

அந்த 0.707-இல்தான் அழகு. படத்தின் வசனம் பெரும்பாலும் நடுத்தடத்தில் இருக்கும். அதை இரு பக்கமும் முழுதாகக் கொடுத்தால் ஆற்றல் இரட்டிக்கும். 0.707-ஐ அதே எண்ணால் பெருக்கிப் பாருங்கள், 0.5 வரும். இந்தப் பக்கம் பாதி, அந்தப் பக்கம் பாதி, சேர்ந்தால் பழையபடி ஒன்று. ஸ்பீக்கரே இல்லாத நடுவிலிருந்து கதாநாயகி பேசுவாள்.

கணக்கு சரியாக இருந்தும் வசனம் ஏன் அமுங்குகிறது? தியேட்டரில் குரலுக்கென்று தனித் திசை இருந்தது; மழையையும் வயலினையும் காது திசையை வைத்தே விலக்கிக்கொண்டது. இப்போது எல்லாம் அதே இரண்டு பெட்டிகளிலிருந்து வருவதால், குரல் மேல் இசை படிந்துவிடுகிறது.

இன்னொரு சிக்கல் உச்சத்தில். 1, 0.707, 0.707 மூன்றையும் கூட்டினால் 2.414. குண்டு வெடிக்கும் கணத்தில் மூன்று தடமும் ஒன்றாக எகிறினால், 1-க்கு மேல் இடமில்லாத கோப்பில் அலையின் தலை தட்டையாக வெட்டுப்படும். வரைபடத்தில் மொட்டை மாடி மாதிரி தெரியும், காதில் கரகரக்கும். இதற்கு எஃப்.எஃப்.எம்பெக்கின் `pan` வடிகட்டி வைத்திருக்கும் வழி ஒரே ஒரு குறி: `=` போட வேண்டிய இடத்தில் `<` போட்டால், பங்குகளின் கூட்டுத்தொகை 1 ஆகும்படி அதுவே வகுத்துக்கொள்ளும். அதற்குப் பிறகு கலவையில் எதுவும் வெட்டுப்பட வழியே இல்லை. ஆனால் பரிந்துரைப்படியே வகுத்தால் வசனத்தின் பங்கு 0.293-க்கு இறங்கிவிடும். எப்போதோ வரும் ஒரு வெடிக்காகப் படம் முழுக்க முணுமுணுக்க வேண்டுமா? நான் இப்படி மாற்றிக்கொள்வேன்:

```
pan=stereo|FL<FL+FC+0.5*SL|FR<FR+FC+0.5*SR,
volume=4dB,alimiter=limit=0.89:level=0
```

(சில கோப்புகளில் பின் தடங்களின் பெயர் `BL`, `BR`, முதலில் `ffprobe`-இல் பார்த்துவிடுவது நல்லது.)

கூட்டுத்தொகை 2.5. ஆக முன்தடம் 0.4, வசனமும் 0.4, பின்தடம் 0.2. முன்தட இசையோடு ஒப்பிட்டால் குரல் 3 டெசிபெல் மேலே வந்துவிட்டது. இழந்த சத்தத்தில் 4 டெசிபெல்லைத் திரும்ப ஏற்றியதால் உச்சம் மறுபடி 1-ஐத் தாண்டலாம். அதை `alimiter` பிடிக்கும். வழக்கமான அமைப்பில் அது ஒலியை 5 மில்லிவினாடி தாமதித்து, வரப்போகும் உச்சத்தை முன்கூட்டியே பார்த்து மெதுவாகக் குனிய வைக்கிறது. தட்டையாக வெட்டுவதில்லை. `level=0` மட்டும் மறக்கக் கூடாது. இல்லாவிட்டால் 0.89-இல் நிறுத்தியதை அதுவே மறுபடி முழு அளவுக்கு ஏற்றிவிடும்.

4 டெசிபெல் அதிகமா என்பதைச் சண்டைக் காட்சியில் கேட்டால் தெரியும். ஒவ்வொரு வெடிக்கும் பின்னணி இசையும், நடுவே யாராவது கத்தினால் அந்தக் கத்தலும் சேர்ந்து அமுங்கி எழுந்தால் 3-க்கோ 2-க்கோ குறைக்க வேண்டியதுதான்.