0.945 சொல்வது

அமெரிக்காவின் தென்கிழக்குக் கரையோரப் பெருந்தலைக் கடலாமைகளுக்கு க்ரூஸ், க்ரௌடர், காஸ்வெல் மூவரும் 1987-இல் கட்டிய அணியில் ரசிக்க வேண்டியது அதன் சிக்கனம். கடலாமையின் வயதை நேரில் அறிய வழியில்லை. ஓட்டின் நீளத்தை அளக்கலாம். எனவே வயதை விட்டு, முட்டையும் குஞ்சும் முதல் முதிர்ந்த பெண் ஆமை வரை ஏழு நிலைகளாக வாழ்வைப் பிரித்தார்கள். கடைசி நிலை தவிர ஒவ்வொன்றுக்கும் இரண்டு எண்கள்: அடுத்த ஆண்டும் அங்கேயே பிழைத்திருக்கும் வாய்ப்பு, பிழைத்து அடுத்த நிலைக்கு ஏறும் வாய்ப்பு. பெரிய இளம் ஆமைக்கு ஆண்டுப் பிழைப்பு 0.6758, அந்த நிலை எட்டு ஆண்டு நீள்வதால் ஏறும் வாய்ப்பு ஏறத்தாழ 0.015 மட்டுமே. முதல் வரிசையில் முட்டைகளின் எண்ணிக்கை.

அணியை மீண்டும் மீண்டும் பெருக்கினால் நிலைகளின் விகிதம் நிலைத்து, மொத்தம் ஆண்டுதோறும் ஒரே மடங்கில் மாறும். அதுவே முதன்மை ஐகன் மதிப்பு. இங்கே அது 0.945, ஏறக்குறைய பன்னிரண்டு ஆண்டுகளில் கூட்டம் பாதியாகும். முட்டைகள் ஒன்றுவிடாமல் பிழைப்பதாக வைத்தாலும் மதிப்பு 1-ஐ எட்டவில்லை. பெரிய இளம் ஆமைகளின் பிழைப்பை 0.77 ஆக்கினாலோ சரிவு நிற்கிறது. முட்டைகளுக்கான கடற்கரைக் காவல் போதாது, இளம் ஆமைகள் சிக்கும் இறால் இழுவலையில் அவை தப்பும் வழி வேண்டும் என்ற வாதத்துக்கு இது உரமானது.

பிழைப்பு எண்களே தோராயம்தானே என்று கேட்கலாம், நியாயமான கேள்வி. 0.945 எதிர்கால ஆமைக் கணக்கு அல்ல, இதே நிலைமை நீடித்தால் என்ன ஆகும் என்பதன் அளவு. எண்களை அசைத்துப் பார்த்தபோதும் இளம் ஆமைகளின் பிழைப்பே மதிப்பை அதிகம் நகர்த்தியது. எந்த நிலை அதிகம் நகர்த்துகிறது என்ற அந்த வரிசையை நான் நம்புகிறேன், மூன்றாம் தசமத்தை அல்ல.