2027-இல் பிசகும் வார எண்

எக்செலில் வார எண் வேண்டுமென்றால் பெரும்பாலோர் `=WEEKNUM(A2)` என்று எழுதி நிறுத்திக்கொள்கிறார்கள். 2023 முதல் 2026 வரை, ஆண்டின் முதல் நாளையும் கடைசி நாட்களையும் விட்டுவிட்டால், திங்கள் முதல் சனி வரை இதன் விடை ஐரோப்பிய சுவர் நாட்காட்டியில் அச்சான வார எண்ணோடு பொருந்துகிறது. ஞாயிறன்று மட்டும் ஒன்று கூடும். இந்தப் பொருத்தம் தற்செயலானது. 2027-இல் அது உடைகிறது.

2027 மே 17, திங்கட்கிழமை. ஜெர்மன் நாட்காட்டியில் அது 20ஆம் வாரம். சூத்திரம் 21 என்கிறது. 20ஆம் வாரத்தில் சரக்கு அனுப்ப ஒப்புக்கொண்ட திருப்பூர் பின்னலாடை நிறுவனம் சூத்திரத்தை நம்பினால், மே 10-க்கே அவசரப்பட்டுத் தைத்து முடிக்கும். ஒரு வார உற்பத்தி நேரம் வீணாகப் பறிபோகும்.

காரணம் இரண்டு. வாரம் எந்தக் கிழமையில் தொடங்குகிறது என்பது ஒன்று: எதுவும் குறிப்பிடாவிட்டால் எக்செல் ஞாயிறை எடுத்துக்கொள்ளும்; ஜெர்மன் நாட்காட்டி பின்பற்றும் ஐஎஸ்ஓ 8601 தரமுறைக்குத் திங்கள். முதல் வாரம் எது என்பது மற்றொன்று. எக்செலுக்கு ஜனவரி 1 விழும் வாரமே முதல் வாரம். ஐஎஸ்ஓவுக்கு ஆண்டின் முதல் வியாழன் விழும் வாரம். 2027 ஜனவரி 1 வெள்ளி என்பதால், அது ஐஎஸ்ஓவில் 2026-இன் 53ஆம் வாரத்தில் சேர்ந்துவிடுகிறது.

பலர் `=WEEKNUM(A2,2)` என்று திருத்துகிறார்கள். இது கிழமையை மட்டுமே மாற்றும். மே 17-க்கு இப்போதும் 21தான் வரும். `=ISOWEEKNUM(A2)` அல்லது `=WEEKNUM(A2,21)` என்பதே இரண்டையும் சரிசெய்யும்.

பழைய முறையைத் தவறென்று தள்ள முடியாது. அதில் எந்த நாளும் தன் ஆண்டை விட்டு வெளியே போவதில்லை. ஞாயிறில் தொடங்கும் நம் மாதக் காலண்டரின் கட்டங்களோடும் அது ஒத்துப்போகும். ஆனால் 2027-இன் முதல் வாரத்துக்கு அது இரண்டே நாட்களைத் தருகிறது. அதை முழு வாரங்களோடு ஒப்பிட்டால், உற்பத்தி சரிந்தது போல வரைபடம் பொய் சொல்லும். வாரத்துக்கு வாரம் ஒப்பிடும் வேலைக்கு ஏழு நாளும் நிறைந்த ஐஎஸ்ஓ வாரமே தகுதியானது என்பது என் உறுதியான கருத்து.

அதற்கும் ஒரு விலை உண்டு. `YEAR(A2)`-ஐ வார எண்ணோடு ஒட்டினால் 2027 ஜனவரி 1-க்கு 2027-53 என்ற, இல்லவே இல்லாத வாரம் கிடைக்கும். அந்த வாரத்து வியாழனின் ஆண்டை எடுக்க வேண்டும்:

```
=YEAR(A2-WEEKDAY(A2,2)+4)
```

இது 2026 என்று சரியாகச் சொல்லும். அதனாலேயே மாதக் கணக்கையும் ஆண்டுக் கணக்கையும் இந்த எண்ணால் கூட்டக் கூடாது. ஜனவரி 1 முதல் 3 வரையிலான விற்பனை முந்தைய ஆண்டில் போய் விழும். அங்கே தேதியைக் கொண்டே கூட்ட வேண்டும்.