நீக்கப்பட்டவர் கையிலிருக்கும் சாவி

வாட்ஸ்அப் குழுவிலிருந்து அட்மின் ஒருவரை நீக்கினால், திரையில் ஒரு வரி வரும்; வேலை முடிந்தது என்று எல்லோரும் எண்ணிக்கொள்வோம். மறையாக்கத்தின் கணக்கில் அந்த நொடியில் எதுவும் முடிவதில்லை. குழுவில் பேசிய மற்றவர்களின் சாவிகள் நீக்கப்பட்டவரின் போனில் அப்போதும் இருக்கின்றன, அவை செல்லுபடியாகவும் இருக்கின்றன. மீதமுள்ள ஒவ்வொருவரும் தம் பழைய சாவியைத் தூக்கியெறிந்துவிட்டுப் புதியது உண்டாக்கும்போதுதான் நீக்கம் நடக்கிறது. அது ஆளுக்கு ஆள் வெவ்வேறு நேரத்தில் நடக்கிறது. அனுப்புநர் சாவி என்ற இந்த முறை பெரிய குழுக்களுக்குக் கிடைத்த நல்ல ஏற்பாடுதான். ஆனால் சாவியைப் புதுப்பிக்கும் வேலையை யாராவது வெளியேறும் தருணத்தோடு மட்டும் கட்டிவைப்பது அதன் பெருங்குறை. அந்தக் குறையை நீக்க ஆகும் செலவும் பலர் அஞ்சும் அளவுக்கு இல்லை.

முறை எப்படி வேலை செய்கிறது என்பதை 200 பேர் கொண்ட ஒரு குடியிருப்போர் சங்கக் குழுவை வைத்துப் பார்க்கலாம். கமலா என்ற உறுப்பினர் முதல் செய்தியை அனுப்பும்போது அவருடைய போன் இரண்டு பொருள்களை உருவாக்குகிறது. ஒன்று, 32 பைட் நீளமுள்ள சங்கிலிச் சாவி. எந்த ஒழுங்கும் இல்லாத, யாராலும் ஊகிக்க முடியாத எண் அது. மற்றது, கையொப்பத்துக்கான சாவி இணை. சங்கிலிச் சாவியையும் கையொப்பத்தின் பொதுப் பாதியையும் போன் மற்ற 199 பேருக்கும் தனித்தனியாக, இருவருக்கிடையே ஏற்கெனவே உள்ள மறையாக்கப்பட்ட பாதை வழியே அனுப்பிவைக்கிறது. அதன்பின் கமலா எழுதும் ஒவ்வொரு செய்தியும் ஒரே ஒரு முறைதான் பூட்டப்படுகிறது. அதைப் பிரதியெடுத்து எல்லோருக்கும் கொண்டுசேர்ப்பது சர்வரின் வேலை. ஒவ்வொரு செய்திக்கும் சங்கிலி ஒரு படி நகர்கிறது:

```
MK = HMAC-SHA256(CK, 0x01)
CK = HMAC-SHA256(CK, 0x02)
```

முதல் வரியிலிருந்து அந்தச் செய்திக்கான சாவி பிறக்கிறது; இரண்டாம் வரி சங்கிலிச் சாவியையே மாற்றிவிடுகிறது. இந்தக் கணக்கு ஒருவழிப் பாதை. இன்றைய CK கையில் இருந்தால் நாளையதைக் கணக்கிடலாம், நேற்றையதைக் கணக்கிட முடியாது. புதிதாகச் சேருபவருக்கு இன்றைய நிலையை மட்டும் கொடுத்தால் பழைய பேச்சு அவருக்குத் திறக்காது. கையொப்பத்தின் மறைபாதி கமலாவின் போனை விட்டு வெளியே போவதில்லை என்பதால், சங்கிலிச் சாவி வைத்திருக்கும் இன்னொரு உறுப்பினர் கமலாவின் பெயரில் செய்தி புனையவும் முடியாது. இவை இரண்டும் உண்மையான பலங்கள்.

அதே ஒருவழிப் பாதைதான் நீக்கத்தின்போது எதிராகத் திரும்புகிறது. ராகவன் நீக்கப்படுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கமலாவின் இன்றைய CK அவரிடம் இருக்கிறது. சங்கிலியில் புதிதாக எதுவும் கலக்காதவரை கமலாவின் இனி வரும் சாவிகள் அத்தனையையும் அவரே கணக்கிட்டுக்கொள்ளலாம். அதனால்தான் யார் வெளியேறினாலும் எல்லோரும் தம் அனுப்புநர் சாவியை அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்பது வாட்ஸ்அப் வெளியிட்ட பாதுகாப்பு விளக்க அறிக்கையில் விதியாகவே இருக்கிறது. மீதமுள்ள 199 பேரும் புதுச் சாவியை மற்ற 198 பேருக்கு அனுப்பினால் மொத்தம் 39,402 சாவிப் பொட்டலங்கள். ஒரே நேரத்தில் இத்தனையும் கிளம்புவதில்லை. அடுத்து யார் பேசுகிறாரோ அவருடைய போன் மட்டும் அப்போது அனுப்பினால் போதும். பேசாமல் படிப்பவர்கள் நிறைந்த குழுவில் இது பெரிய சேமிப்பு.

நீக்கப்பட்டவருக்குத்தான் சர்வர் செய்தி கொடுப்பதை நிறுத்திவிடுகிறதே, சாவி பழையதாக இருந்தால் என்ன என்று கேட்கலாம். சர்வர் நேர்மையாக நடக்கும்வரை கேள்வி சரியே. ஆனால் சர்வரை நம்ப வேண்டியதில்லை என்பதற்காகத்தானே முனையிலிருந்து முனைவரை மறையாக்கம் செய்கிறோம்? கமலா நீக்கத்தைப் பற்றி அறிவதே சர்வர் சொல்லித்தான். அந்த அறிவிப்பைச் சர்வர் அவரிடம் சேர்க்காமல் நிறுத்திவைத்தால் அவருடைய போன் பழைய சங்கிலியிலேயே பூட்டிக்கொண்டிருக்கும். பூட்டிய செய்தி ராகவனுக்குப் போய்ச் சேர்ந்தால் அவரால் திறக்க முடியும். வாட்ஸ்அப் குழுவின் உறுப்பினர் பட்டியல் சர்வரின் சொல்லை நம்பியே நிற்கிறது என்பதை ரோஸ்லர், மைன்கா, ஷ்வெங்க் ஆகிய மூவரும் வாட்ஸ்அப், சிக்னல், த்ரீமா குழுக்களை ஆராய்ந்து எழுதிய கட்டுரை எடுத்துக்காட்டியது. சர்வர் தானாக ஓர் ஆளைக் குழுவில் சேர்த்தாலும் உறுப்பினர்களின் போன்கள் ஏற்றுக்கொள்ளும் என்பது அவர்கள் கண்டது. சேர்த்தால் திரையில் அறிவிப்பு வரும் என்பது அதற்குச் சொல்லப்பட்ட பதில். சேர்ப்புக்கு அந்தப் பதில் ஓரளவு பொருந்தும், நீக்கத்துக்குப் பொருந்தாது. வராத அறிவிப்பை யாரும் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. அட்மினின் கையொப்பம் இட்ட, வரிசை எண் கொண்ட நீக்கச் செய்தியாக இருந்தால், இடையில் ஒன்று காணாமல் போனதைப் போனே கண்டுபிடிக்க வழி உண்டு.

இதைவிட எனக்குக் கவலை தருவது யாருமே நீக்கப்படாத குழு. கமலாவின் போனில் ஒருமுறை உளவு மென்பொருள் புகுந்து சாவிகளைப் பிரதியெடுத்துக்கொண்டு போய்விட்டது என்று கொள்வோம். இருவர் மட்டும் பேசும் உரையாடலில் பதிலுக்குப் பதில் புதிய சாவிப்பொருள் கலப்பதால், சில செய்திகளுக்குள் திருடன் கையிலிருப்பது பயனற்றதாகிவிடும். குழுச் சங்கிலியில் அப்படிக் கலப்பு எதுவும் இல்லை. யாரும் வெளியேறாமல் இரண்டு ஆண்டு ஓடினால், அந்த ஒரு நாள் திருட்டு இரண்டு ஆண்டுப் பேச்சையும் திறந்துவிடும். உறுப்பினர்கள் ஒருவரையொருவர் நம்பி நிலையாக இருக்கும் குழுதான் இதில் அதிகம் பாதிக்கப்படுகிறது என்பது கொடுமை.

அடிக்கடி மாற்றினால் சிக்கனமே போய்விடுமே என்பது வழக்கமான மறுப்பு. கணக்குப் போட்டுப் பார்ப்போம். ராகவன் போனபின் கமலா 100 செய்திகள் அனுப்புகிறார். ஒவ்வொன்றையும் 198 பேருக்கும் தனித்தனியே பூட்டினால் 19,800 முறை பூட்ட வேண்டும். அனுப்புநர் சாவியில் சாவிக்கு 198, செய்திக்கு 100, ஆக 298. ஒவ்வொரு நூறு செய்திக்கும் ஒருமுறை சாவியை மாற்றினாலும் அதே 298தான். செய்தி ஒன்றுக்கு ஏறத்தாழ இரண்டு சிறு பொட்டலங்கள் கூடுதல், அவ்வளவுதான். மேட்ரிக்ஸ் அமைப்பின் மெகோல்ம் இதே குடும்பத்தைச் சேர்ந்த முறை. அங்கே 100 செய்தி அல்லது ஒரு வாரம், எது முன்னால் வருகிறதோ அப்போது சாவியை மாற்றுவதே பரிந்துரைக்கப்பட்ட இயல்பு அமைப்பு. வாரத்துக்கு ஒரு செய்தி அனுப்புபவருக்குச் சிக்கனம் எதுவும் மிஞ்சாது, உண்மைதான். அவர் அனுப்புவது ஒரு செய்திதானே. இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். புதுச் சாவி போகும் இருவழிப் பாதையும் திருடுபோயிருந்தால், அது புதுப்பிக்கப்படும்வரை மாற்றத்தால் பலனில்லை. ஆனால் இருபுறமிருந்தும் சாவிகள் போய்வரும்போது அந்தப் பாதையும் தானே புதுப்பிக்கப்படுகிறது.

முறையையே மாற்றிவிடலாம் என்பவர்கள் 2023 ஜூலையில் RFC 9420 ஆக வெளிவந்த எம்எல்எஸ் நெறிமுறையைக் காட்டுவார்கள். அதில் குழு ஒரு மரமாக அடுக்கப்படுகிறது. 1,024 பேர் குழுவிலும் ஒருவரை நீக்க, சாதகமான நிலையில், பத்து அடுக்குச் சாவிகளை மாற்றினால் போதும், எல்லோருக்கும் ஒரே நேரத்தில் புதிய சாவி வந்துவிடும். நீக்கத்தைப் பொறுத்தவரை அதுவே மேலானது என்று தயங்காமல் சொல்வேன். அதற்கு ஈடாக, மாற்றங்கள் எந்த வரிசையில் நடந்தன என்பதில் எல்லாப் போன்களும் ஒத்துப்போக வேண்டும். கமலா தன் சங்கிலியைத் தானே நடத்திக்கொள்ள, அடுத்தவர் இணைப்பில் இருக்கிறாரா என்றுகூடப் பார்க்க வேண்டாத அனுப்புநர் சாவியின் எளிமை அங்கே கிடையாது. கோடிக்கணக்கான போன்களில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றை முழுதாகப் பெயர்த்தெடுக்க ஆண்டுகள் ஆகும். யாரும் வெளியேறாவிட்டாலும் நூறு செய்திக்கு ஒருமுறை புதுச் சாவி என்ற விதியை அடுத்த அப்டேட்டிலேயே சேர்க்கலாம். செய்தியின் வடிவத்தையோ சர்வரின் வேலையையோ அதற்காகத் தொட வேண்டியதில்லை.