ரிவர்சைடு: நேர்காணல் கொடுப்பவரின் நாற்காலியிலிருந்து ஒரு விமர்சனம்

பாட்காஸ்ட் பதிவுக்கான செயலிகளைப் பற்றி வரும் விமர்சனங்கள் பெரும்பாலும் கேள்வி கேட்பவரின் பக்கமிருந்து எழுதப்படுபவை. எத்தனை தடங்கள், எடிட்டிங் எப்படி, மாதக் கட்டணம் என்ன என்று போகும். பதில் சொல்பவருக்கு வருவதோ ஒரு இணைப்பும் ஒரு நேரமும்தான். அந்தப் பக்கம் உட்கார்ந்து ரிவர்சைடைப் பார்ப்பதற்கு வித்துராவைவிட நல்ல இடம் கிடைக்காது. திருவனந்தபுரத்திலிருந்து பொன்முடி போகும் வழியில், மலையடிவாரத்தில் இருக்கும் ஊர். பக்கத்திலேயே ஐசர் அறிவியல் ஆய்வு நிறுவன வளாகம் இருப்பதால், விஞ்ஞானிகளிடம் பேட்டி கேட்டு இணைப்பு அனுப்பும் செய்தியாளர்களுக்குக் குறைவில்லை. மழைக்கும் குறைவில்லை. அங்கே ஆய்வாளராக இருக்கும் நண்பர் ஒருவர், சென்னைப் பத்திரிகையாளர் ஒருவரின் பாட்காஸ்டுக்கு 35 நிமிடம் பேச ஒப்புக்கொண்டார். நான் அவர் பக்கத்தில் இருந்து கவனித்தேன்.

உள்ளே நடப்பது என்ன?

சாதாரண வீடியோ அழைப்பைப் பதிவுசெய்தால், இணையம் வழியாக வந்துசேர்ந்த குரல்தான் பதிவாகும். நெட் விக்கினால் பதிவும் விக்கும். ரிவர்சைடு இருவர் குரலையும் அவரவர் கணினியிலேயே பதிவுசெய்கிறது. அழைப்பு ஓடிக்கொண்டிருக்கும்போதே அந்தப் பதிவு துண்டு துண்டாக மேலே ஏறுகிறது. சோதிப்பதற்காக, ஒத்திகைப் பதிவின் நடுவில் வைஃபையை அணைத்தோம். சென்னையில் நண்பரின் குரல் நின்றுவிட்டது. அவர் பேசிக்கொண்டே இருந்தார். இணைப்பு திரும்பிய பின் பதிவை எடுத்துக் கேட்டால், விட்டுப்போன வாக்கியம் முழுதாக இருந்தது. இதற்கு லேப்டாப்பில் பேட்டரி இருக்க வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை. மின்சாரம் போய் ரவுட்டர் அணைந்தாலும் குரல் தப்பிக்கிறது.

நேரத்தை உறுதிசெய்வது

செயலியிலேயே நாளும் நேரமும் குறித்து அழைப்பு அனுப்பும் வசதி இருக்கிறது, காலண்டரில் ஏறிவிடும். அதோடு ‘சரி’ என்று அழுத்தினால் உறுதியாகிவிட்டது என்று நினைப்பதில்தான் சிக்கல். அழைப்பிதழ் ஆரம்ப நேரத்தைச் சொல்கிறது. நாற்காலியை விட்டு எப்போது எழலாம் என்று சொல்வதில்லை.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரே குரல், 48 கிலோஹெர்ட்ஸ், 16 பிட் வேவ் கோப்பு என்றால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 5.8 எம்பி. 35 நிமிடத்துக்கு 200 எம்பி. அழைப்புக்குப் போக, மேலே ஏற்றுவதற்கு நொடிக்கு அரை மெகாபிட்தான் மிஞ்சுகிறது என்று வைத்துக்கொள்வோம். பேசி முடிக்கும்போது 130 எம்பிதான் போயிருக்கும். மீதி 70 எம்பி அதே வேகத்தில் போக இன்னும் 19 நிமிடம் வேண்டும். அதற்குள் ‘நன்றி, வணக்கம்’ சொல்லிப் பக்கத்தை மூடிவிட்டால் கடைசிப் பகுதி கணினியிலேயே தங்கிவிடும். பிறகு அதே கணினியில், அதே பிரவுசரில் திறந்து ஏற்றிக்கொள்ளலாம். ஆனால் இன்காக்னிட்டோ சன்னலில் சேர்ந்திருந்தால், மூடும்போதே சேமித்ததும் அழிந்துபோகும். வீடியோவும் சேர்ந்தால் கோப்பு பல மடங்கு பெருகும். ஆகவே வீடியோ உண்டா இல்லையா என்பதை முன்னாலேயே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

நேரத்தைத் தேர்வதற்கும் ஊருக்கும் சம்பந்தம் உண்டு. ஐப்பசியில் கேரளத்துக்காரர்கள் துலாவர்ஷம் என்று சொல்லும் மழை பெரும்பாலும் பிற்பகலில் இடியோடுதான் வரும். தகரக் கூரையில் விழும் மழையை எந்த எடிட்டிங்கும் முழுதாக எடுக்காது. பத்திரிகையாளர் மாலை 4 மணி கேட்டார். நண்பர் காலை 10 மணிக்கு மாற்றிக்கொண்டார். அவர் அனுப்பிய பதில் இது:

“வணக்கம் மேடம். வியாழன் காலை 10 மணி எனக்கு உறுதி. முதல் 10 நிமிடம் சவுண்ட் செக், பிறகு 35 நிமிடம் பதிவு, அப்லோட் முடிய 20 நிமிடம். 11.05 வரை உட்கார்ந்திருப்பேன். லேப்டாப், குரோம், வயர் உள்ள இயர்போன். ஆடியோ மட்டும்தானா என்று சொல்லிவிடுங்கள். நடுவில் என் குரல் கேட்காவிட்டால் பதிவை நிறுத்த வேண்டாம், போனில் கூப்பிடுங்கள்.”

கடைசி வாக்கியம் முக்கியமானது. குரல் கேட்கவில்லை என்றதும் பதறி ‘ஸ்டாப்’ அழுத்துவது கேள்வி கேட்பவர்களின் இயல்பு. இந்தச் செயலியில் அது தேவையில்லாத வேலை.

சவுண்ட் செக்

உள்ளே நுழையுமுன் ஒரு முன்னறை வருகிறது. பெயர், மைக், ஹெட்போன் போட்டிருக்கிறீர்களா என்ற கேள்வி. இல்லை என்றால் எதிரொலியை நீக்கும் வேலையைச் செயலி எடுத்துக்கொள்ளும். இருவரும் ஒரே நேரத்தில் பேசும் இடங்களில் குரல் நசுங்குவதற்கு அது வழி. ஆகவே இயர்போன் போடுவதே நல்லது. அதிலும் ப்ளூடூத் வேண்டாம். ப்ளூடூத் இயர்போனின் மைக்கைத் திறந்ததும் அது பெரும்பாலும் தொலைபேசித் தரத்துக்கு, அதாவது 16 அல்லது 8 கிலோஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். கண்டுபிடிப்பது எளிது: ‘பஸ் ஸ்டாண்டில் சீசன் டிக்கெட்’ என்று சொல்லச் சொல்லுங்கள். ‘ஸ’கரம் மழுங்கி ‘ஃப’ போலக் கேட்டால் காரணம் பெரும்பாலும் ப்ளூடூத்தான்.

ஆனால் அழைப்பில் கேட்பதை வைத்துத் தீர்ப்புச் சொல்லக்கூடாது. அங்கே காதில் விழுவது இணையத்துக்காகச் சுருக்கப்பட்ட ஒலி. கணினியில் பதிவாவது வேறு. அழைப்பில் ‘நல்லா கேக்குது’ என்றால் இணைப்பு நன்றாக இருக்கிறது என்று மட்டுமே பொருள். அரை நிமிடம் பதிவுசெய்து, அந்தக் கோப்பை ஏற்றி, பத்திரிகையாளர் திரும்பப் போட்டுக் கேட்டால்தான் அது சவுண்ட் செக்.

அந்த அரை நிமிடத்தில் ‘ஹலோ, மைக் டெஸ்டிங்’ பயன்படாது; அதை யாரும் இயல்பான குரலில் சொல்வதில்லை. காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்பது பழைய வானொலிப் பழக்கம், இன்றும் அதுதான் சிறந்தது. நண்பர் புட்டும் கடலையும் பற்றி ஆரம்பித்துச் சிரித்தும்விட்டார். சிரிப்பில்தான் ஒலியளவு உச்சத்துக்குப் போகும். அது உடையாவிட்டால் பேச்சும் உடையாது. கடைசியில் 10 நொடி யாரும் பேசாமல் இருந்தோம். திரும்பக் கேட்டபோது, அழைப்பில் இல்லாத மின்விசிறிச் சத்தம் பதிவில் தெளிவாக இருந்தது. விசிறியை நிறுத்தியதோடு பிரச்சினை தீர்ந்தது.

தீர்ப்பு

நெட் நிலையில்லாத ஊரிலிருந்து ஆடியோ நேர்காணல் கொடுப்பவருக்கு இந்தச் செயலியைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். விருந்தினர் கணக்குத் தொடங்கவோ பணம் கட்டவோ வேண்டியதில்லை. குறை, அதன் பலத்தோடு ஒட்டிப் பிறந்தது: பதிவு விருந்தினரின் கணினியில் இருக்கிறது, ஆகவே அதைக் காப்பாற்றும் பொறுப்பும் பாதி அவருடையது. வட்டில் இடம் இருக்கிறதா, பக்கம் திறந்திருக்கிறதா, 100 சதவீதம் ஏறிவிட்டதா என்று அவர்தான் பார்க்க வேண்டும். கூடுதல் பாதுகாப்புக்குப் போனின் வாய்ஸ் ரெக்கார்டரை முழம் தள்ளி மேசைமேல் ஓடவிடலாம். செலவில்லாத இரண்டாம் தடம்.

வீடியோவும் வேண்டும் என்று கேட்டால் வீட்டு இணைப்பை நம்பாமல் அலுவலகத்தின் கம்பிவழி இணைய வசதியில் உட்காருங்கள். அப்லோட் நேரத்துக்கு 20 நிமிடத்துக்குப் பதில் ஒரு மணி நேரம் கேளுங்கள்.