கிழமைக்கு ஒரு மலை, காலைக்கு ஒரு சொல்

வாரத்தின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரே ஒரு பொருளை உரிமையாக்கி, அந்த நாள் விடியும்போது அதைப் பற்றி இரண்டொரு வாக்கியங்களில் நினைவுறுத்திவிட்டுக் காரியத்தைத் தொடங்கும் வழக்கம், வெள்ளிக்கிழமை வீடு கழுவுவதிலும் சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிப்பதிலும் நமக்கு நெடுங்காலமாகப் பழகியதே. ஆயினும் ஒரு வெள்ளிக்கிழமை வீடு கழுவப்படாமற் போனால் நேரும் நஷ்டம் இவ்வளவென்று எவரும் நிறுத்துச் சொல்ல முடியாது. அந்த வழக்கத்தின் பலனையும் பிழையையும் நாள்தோறும் தராசில் வைத்துப் பார்க்கக்கூடிய இடம் ஒன்று உண்டெனில், அது கண்டிக்கு வடகிழக்கே, நக்கிள்ஸ் மலைத்தொடரின் சாரலில், பன்விலைக்கு அப்பால் மடுல்கெல்லயைச் சூழ்ந்து கிடக்கும் தேயிலைத் தோட்டங்களே என்பது என் அபிப்பிராயம்.

அங்கே திங்களுக்கு ஒரு மலை, செவ்வாய்க்கு ஒரு மலை என்று ஆறு வேலைநாட்களுக்கும் கொழுந்து மலைகள் பிரிக்கப்பட்டிருக்கும். திங்களன்று எடுத்த மலைக்கு மறு திங்களன்று திரும்பி வந்தால் ஒரு சுற்று முடிந்தது என்பது கணக்கு. காலையில் பெரட்டுக்களத்தில் ஆட்கள் கூடியதும், பேர் பதிந்து, இன்று எந்த நம்பர் மலை, எந்தக் கங்காணியின் ஆட்கள் எந்தப் பக்கம் நிரை பிடிப்பது, எதில் கவனம் வைப்பது என்று கணக்கப்பிள்ளை சொல்லும் சில வார்த்தைகளே அன்றைய நினைவுறுத்தல். முற்காலத்தில் தப்பொலி எழுப்பிவிட்ட லயத்து மக்கள் இருட்டோடு இருட்டாக வந்து நின்று கேட்டதும், இன்று அவர்கள் பேத்திகள் கேட்பதும் ஏறக்குறைய அதே வடிவத்தில் அமைந்த பேச்சுத்தான்.

ஏழு நாள் என்ற அளவு எங்கிருந்து வந்தது என்று முதலில் ஆராய வேண்டும். மடுல்கெல்ல போன்ற நடுத்தர உயரத்தில், மழையும் வெயிலும் மிதமாக இருக்கும் காலத்தில், ஒரு கொழுந்தில் புதிய இலை ஒன்று விரிய ஏறக்குறைய ஒரு வாரம் பிடிக்கிறது. இன்று ஓரிலையும் மொட்டுமாக இருப்பதை அரும்பென்று விட்டுவிட்டால், ஏழாம் நாள் அது ஈரிலையும் மொட்டுமாகி, தொழிற்சாலை விரும்பும் பருவத்தை அடைந்திருக்கும். ஆகவே வாரச் சுற்று என்பது துரைமார் வசதிக்காக மட்டும் வகுத்த விதியன்று; அந்த உயரத்தின் வெப்பநிலையோடு ஒத்துப்போன ஒரு பொருத்தம். தாழ்நிலத்தில் இலை விரைந்து விரியும். நுவரெலியாவின் குளிரில் மெல்ல விரியும். அவ்விடங்களில் வாரத்தைப் பிடித்துக்கொண்டு தொங்கினால் ஒரு பக்கம் முத்தலும் மறுபக்கம் அரும்பும் கூடையில் விழும். செடிக்குத் திங்கள் செவ்வாய் தெரியாது என்பதும், மனிதனுக்கோ கிழமையின்றிக் கணக்கு நிற்காது என்பதும் ஒரே சமயத்தில் உண்மையாக இருப்பதிலேதான் இந்த வழக்கத்தின் சிறப்பும் தொல்லையும் சேர்ந்தே பிறக்கின்றன.

சிறப்பை முதலில் சொல்கிறேன். ஒரு மலைக்கு ஒரு கிழமை என்று ஆனதும், அந்த மலையின் குணம் அந்தக் கிழமையின் பாடமாகிவிடுகிறது. நாலைந்து ஆண்டுக்கு ஒருமுறை ஒவ்வொரு மலையும் கவ்வாத்து வெட்டப்படுவதால், ஒரே டிவிஷனில் ஒரு மலை வெட்டுக்குப்பின் இளம் தளிர் விட்டுக்கொண்டிருக்கும். இன்னொன்று நிறைந்த விளைச்சலில் இருக்கும். மற்றொன்று அடுத்த வெட்டை எதிர்நோக்கி மூத்துப்போய், மொட்டு உறங்கிப் பஞ்சி விழுந்திருக்கும். கவ்வாத்து மலைக்குரிய நாளில் சொல்ல வேண்டிய சொல் மட்டம்: செடியின் மேல் மட்டக்கம்பைக் கிடத்தி, அதற்கு மேல் எழுந்ததை மட்டுமே கிள்ள வேண்டும்; கைக்கு எட்டியதையெல்லாம் எடுத்தால் செடி பரப்புக் கொள்ளாமல் குறுகிவிடும். மூத்த மலையின் நாளிலோ, பஞ்சியை நின்ற இடத்தில் விட்டுவைக்காமல் ஒடித்து எறிவதே பாடம். விட்டால் அதன் கீழ்க் கண் விழிப்பது தாமதமாகும். ஆறு நாளும் ஆறு மலைகளுக்கும் எல்லா விதிகளையும் ஓதுவதைக் காட்டிலும், அன்றைய மலைக்கு அன்றைய விதி ஒன்றை மட்டும் ஓதினால், நிரையில் நிற்கும் பெண்ணின் விரல்கள் அதைப் பற்றிக்கொள்கின்றன. கம்பு செடியின் மேல் கிடக்க, இரு கைகளும் தனித்தனியே ஓடிக் கொழுந்தை நிரப்பிக்கொண்டு, பிடி நிறைந்ததும் தலைக்கு மேலாகக் கூடைக்குள் எறியும் அந்த வேகத்தில், ஐந்து விதிகளை நினைத்துப் பார்க்க ஒருவருக்கும் அவகாசம் கிடையாது.

இப்போது பிழையைக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு டிவிஷனில் 60 ஹெக்டேயர் கொழுந்து மலை இருப்பதாக வைத்துக்கொண்டால், நாளுக்குப் பத்து ஹெக்டேயர். சாதாரண காலத்தில் ஒரு ஹெக்டேயர் ஒரு சுற்றில் 130 கிலோ பச்சைக் கொழுந்து தருமாயின், அன்றைய வரவு 1,300 கிலோ. ஆளுக்கு 20 கிலோ வீதம் 65 பேர் அதை எடுத்து முடிக்கலாம். சித்திரை மழை பெய்து கொழுந்து பொங்கும்போது அதே ஹெக்டேயர் 220 கிலோ தருகிறது. கொழுந்து அடர்ந்திருப்பதால் ஆளுக்கு 28 கிலோ கூட வரலாம். ஆனாலும் 65 பேர் எடுப்பது 1,820 கிலோதான். மலையிலோ 2,200 கிலோ. ஆகவே எட்டேகால் ஹெக்டேயர் முடிந்து, ஒன்றேமுக்கால் ஹெக்டேயர் எடுபடாமல் நின்றுபோகும். ஆறு நாளில் இந்த மிச்சம் சேர்ந்து ஏறக்குறைய ஒரு முழு நாளின் மலையாகிவிடுகிறது. செவ்வாய்க் காலையில் திங்களின் மிச்சத்தை முடிக்கச் சொல்வதா, செவ்வாயின் மலைக்குப் போகச் சொல்வதா என்ற கேள்வி அங்கேதான் எழுகிறது. கிழமையைக் காப்பாற்ற விரும்பும் கணக்கப்பிள்ளை மிச்சத்தை விட்டுவிட்டு மேலே போவார். அந்த மிச்சத்துக்கு அடுத்த முறை வரும்போது பதினான்கு நாள் ஆகி, மூன்றாம் இலையும் விரிந்து, தண்டு நார் ஏறியிருக்கும்.

போயா நாளிலும் இதே சிக்கல். மாதந்தோறும் வரும் பௌர்ணமிப் போயா விடுமுறை ஒரு புதன்கிழமையில் விழுந்தால், புதன் மலையை அடுத்த புதன்வரை தள்ளுவது ஒரு வழி. புதன் மலையை வியாழனிலும் வியாழன் மலையை வெள்ளியிலுமாக எல்லாவற்றையும் ஒரு நாள் நகர்த்துவது மற்றொரு வழி. முதல் வழியில் கிழமைப் பெயர்கள் ஸ்திரமாக நிற்கும், ஒரு மலை மட்டும் பாழாகும். இரண்டாவதில் தள்ளிப்போன மலைகளுக்கு எட்டு நாளாகும், ஞாயிறு குறுக்கிடும் சனி மலைக்கு மட்டும் ஒன்பது நாளாகும், ஆனால் எதுவும் பாழாகாது. கொழுந்தின் நன்மையை மட்டும் நோக்கினால் இரண்டாவதே சரி என்பதில் எனக்கு ஐயமில்லை. அதைச் செய்தால் “புதன் மலை” என்ற பெயர் பொருளற்றுப்போகும் என்பதற்காக அதைத் தவிர்ப்பவர், கிழமை எதற்காக வந்ததென்பதை மறந்துவிட்டவர். ஞாயிற்றுக்கிழமையில் கைக்காசுக்கு ஆள் விட்டு அந்த ஒரு மலையை முடித்துக்கொள்வது மூன்றாவது வழி. வாரம் ஆறு நாள் மலையேறிய உடம்புக்கு ஏழாம் நாளும் வேலை என்பதால் அதை அடிக்கடி கைக்கொள்வதை நான் ஆதரிக்க மாட்டேன்.

இந்த நாட்டின் வாரமே ஒரு காலத்தில் அசைந்துபோனதை இங்கே நினைவுகூரலாம். 1966இல் சனி ஞாயிறு விடுமுறை நீக்கப்பட்டு, சந்திரனின் ஒவ்வொரு கால்வட்டத்துக்கும் உரிய போயாவும் அதற்கு முந்திய நாளும் வார விடுமுறையாயின. 1971இல் பழைய முறை திரும்பிற்று. சந்திரனின் கால்வட்டம் ஏழு நாளுக்குச் சற்று மேற்பட்டதாகையால், ஒரு விடுமுறைக்கும் அடுத்ததற்கும் இடைப்பட்ட நாட்கள் எப்போதும் ஏழாக இருக்கவில்லை. கிழமையை நம்பி வகுத்த எந்த அட்டவணையும் அத்தகைய வாரத்தில் கால் ஊன்றி நின்றிருக்க இயலாது. கிழமையின் பெயர் இயற்கை தந்தது என்று எண்ணுவோருக்கு அந்த ஐந்தாண்டு அநுபவம் போதிய மறுமொழி.

சுற்று பிசகிவிட்டது என்பதைக் கண்டுகொள்ள அட்டவணையைப் பார்க்க வேண்டியதில்லை. கொழுந்து மடுவத்தில் கூடையைக் கொட்டும்போதே தெரிந்துவிடும். ஒரு பிடி அள்ளி, ஈரிலை மொட்டும் இளம் பஞ்சியும் ஒரு பக்கமாக, முத்திய இலையும் தண்டும் மறுபக்கமாகப் பிரித்துப் பார்த்தால், நல்ல கொழுந்து நூற்றுக்கு 60க்குக் கீழே இறங்கியிருப்பின் அந்த மலைக்கு ஆள் பிந்தி வந்திருக்கிறார்கள் என்பது பெரும்பாலும் நிச்சயம். இன்னோர் அடையாளமும் உண்டு: நிறை கூடிக்கொண்டே போக, கொழுந்தின் தரம் குறைந்துகொண்டே வரும். நிறையைப் பார்த்துப் பேர் போடுகிறவர்கள் அந்த வாரத்தில் மகிழ்வார்கள்; ஆனால் முத்தல் எடுத்த செடியில் அடுத்த கொழுந்து எழத் தாமதமாகி, இரண்டு சுற்றுக் கழித்து நிறை விழும்போது காரணம் எவருக்கும் நினைவிராது.

இங்கேதான் காலைச் சொல்லின் குறைபாட்டைக் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. பெரட்டுக்களத்துச் சொல் பெரும்பாலும் மேலிருந்து கீழே இறங்கும் சொல். முந்திய நாள் மடுவத்தில் பிரித்த அந்தப் பிடிக் கொழுந்து என்ன சொல்லிற்று என்பது அதில் இடம்பெறுவதில்லை. “நல்லா எடுங்க, நிறை குறையப்படாது” என்பதை ஆறு நாளும் கேட்கும் காதுக்கு அது தப்பொலியின் தொடர்ச்சியாகவே ஒலிக்கும். அதைவிட, “நேத்து எடுத்த மலையில முத்தல் விழுந்திருக்கு, இன்னைக்கு இந்த மலைக்கு ஒன்பது நாளாச்சு, மூணாம் இலையை ஒடிச்சுப் போட்டுட்டு வாங்க, கூடைக்குள்ள போடாதீங்க” என்று சொன்னால் அது அன்றைக்கு மட்டும் உரிய சொல்லாகும். அப்படி ஒடித்துப் போட நேரம் செலவாகும், நிறை குறையும். ஆகவே அப்படிச் சொல்லும் நாளில் முழுப் பேருக்குரிய நிறையையும் இறக்கிச் சொல்லாவிட்டால், சொல் ஒரு பக்கமும் சம்பளம் மறுபக்கமும் இழுக்கும். முழுப் பேர் இழந்து அரைப் பேர் வாங்க எந்தத் தாயும் சம்மதிக்க மாட்டாள். அவள் மூன்றாம் இலையையும் கூடையில் போடுவதைக் குற்றமென்று நான் கருதவில்லை. மலையின் நிலையை அவளே முதலில் அறிகிறாள். பெரட்டில் அவளிடம் கேட்பதற்கு ஒரு கேள்விகூட இல்லாதிருப்பதே இந்த முறையின் ஆழமான பிழை.

அண்மைக்காலத்தில் ஆட்கள் குறைந்துவரும் தோட்டங்கள் சிலவற்றில், ஒரு குடும்பத்துக்கு இவ்வளவு செடி என்று பிரித்துக் கொடுத்து, எடுத்த கொழுந்துக்குக் கிலோக் கணக்கில் காசு தரும் ஏற்பாடு நடைமுறைக்கு வந்திருக்கிறது. அங்கே பெரட்டு அவசியமில்லை. தன் பங்கை ஆறு துண்டாக்கி, எந்தத் துண்டுக்கு எந்த நாள் என்பதை அந்தக் குடும்பமே வகுக்கிறது. போயா வந்தால் துண்டை நகர்த்துவதற்கு எவரிடமும் உத்தரவு கேட்க வேண்டியதில்லை. மழை கொட்டிய வாரத்தில் பொங்கிய துண்டுக்கு ஐந்தாம் நாளே போகலாம். ஆனால் கவ்வாத்தையும் உரத்தையும் தோட்டம் உரிய காலத்தில் செய்து தராவிட்டால், மட்டத்தைப் பற்றி நினைவுறுத்தக் கணக்கப்பிள்ளையும் அங்கே இல்லாத நிலையில், காசு அவசரப்படும் மாதத்தில் இளம் செடியிலேயே கை தாழ்ந்து இறங்கிவிடும். அதன் விளைவு அடுத்த கவ்வாத்து வரையில் அந்தச் செடியின் பரப்பில் எழுதப்பட்டிருக்கும்.